லோயர் நோட்டீசுக்குப் பதில்: சாதாரண ஒருவர் எழுதிய வரைவைத் திருத்துதல்

சட்டத்தரணி ஒருவர் தம் கட்சிக்காரருக்காக அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தை அச்சுவேலிப் பக்கத்தில் ‘லோயர் நோட்டீஸ்’ என்பார்கள். அது நீதிமன்றத்திலிருந்து வருவதல்ல. அதில் நீதிமன்ற முத்திரையோ வழக்கு இலக்கமோ இராது. இன்ன தொகையை இத்தனை நாளுக்குள் தராவிட்டால் வழக்குத் தொடரப்படும் என்று முன்கூட்டி அறிவிப்பதே அதன் வேலை. ஆனால் பதில் போடாமல் விடுவதற்கு ஒரு விலை உண்டு. இலங்கை நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் சரவணமுத்து எதிர் டி மெல் என்ற தீர்ப்பு, புதிய சட்ட அறிக்கைகளின் 49ஆம் தொகுதியில் 529ஆம் பக்கத்தில் உள்ளது. வியாபார விடயத்தில் ஒருவர் இன்னது நடந்தது என்று கடிதம் எழுதினால், அதை ஏற்காதவர் மறுத்துப் பதில் எழுத வேண்டும் என்று அது சொல்கிறது. எழுதாவிட்டால், அவர் அதை ஒப்புக்கொண்டார் என்று பின்னர் வாதிட இடமுண்டு.

எனவே பதில் எழுதப்படுகிறது. பெரும்பாலும் நோட்டீஸ் வந்த அன்றிரவே, கோபம் ஆறுமுன், கொப்பித் தாளில் எழுதப்படுகிறது. அடுத்த நாள் அது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமோ கந்தோரில் வேலை பார்த்த உறவினரிடமோ, தட்டச்சுக் கடையில் இருப்பவரிடமோ ‘ஒருக்காப் பார்த்துத் திருத்தித் தாங்கோ’ என்று வந்து சேர்கிறது. அப்படித் திருத்துபவருக்கானது இந்த அத்தியாயம். காணி உரிமை, பெருந்தொகை, வங்கிக் கடன், குடும்பப் பிரிவு ஆகியவை பற்றிய நோட்டீஸ்கள் இதற்குள் அடங்கா. அவற்றுக்குச் சட்டத்தரணி வேண்டும். வசதியில்லாதவர் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம். இங்கே எடுத்துக்கொள்வது கடைக் கடன் ஒன்று; விளக்கத்துக்காகக் கட்டப்பட்ட உதாரணம்.

தோட்டம் செய்யும் ஒருவர் வீடு கட்டுகிறார். சீமெந்தும் கம்பியும் ஹாட்வெயார் கடையொன்றில் கடனாக எடுக்கிறார். கடை முதலாளியின் சட்டத்தரணி அனுப்பிய நோட்டீசில் ஐந்து பந்திகள் உள்ளன. முதலாவது, தம் கட்சிக்காரர் இன்ன கடையின் உரிமையாளர் என்கிறது. இரண்டாவது, 2024 ஒகஸ்ட் 12 முதல் நவம்பர் 20 வரை 640,000 ரூபா பெறுமதியான பொருட்கள் கொடுக்கப்பட்டன என்கிறது. மூன்றாவது, 255,000 ரூபா செலுத்தப்பட்டு 385,000 ரூபா மீதி உள்ளது என்கிறது. நான்காவது, ஒத்துக்கொண்டபடி 2024 டிசம்பர் 1 முதல் மாதம் 2 வீத வட்டி சேரும் என்கிறது. ஐந்தாவது, கடிதத்தின் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்கிறது.

தோட்டக்காரர் எழுதிய வரைவு இது:

‘ஐயா, உங்கடை நோட்டீசைப் பார்த்து வீட்டிலை எல்லாரும் பதறிப் போனம். நான் இந்த ஊரிலை முப்பது வருசமாய் மரியாதையாய் இருக்கிறன். ஒருத்தரிட்டையும் கடன் வைச்சதில்லை. முதலாளி சொல்லுறது பச்சைப் பொய். பொங்கல் கழிஞ்ச கையோடையும் காசு போட்டனான், அதை மறைச்சுப் போட்டார். அவர் தந்த சீமெந்திலை இருபது பை கல்லாய்க் கிடந்தது. தீபாவளிக்கு முதல்நாள் லாண்ட்மாஸ்டர் அனுப்பித் திருப்பி எடுத்தவர், அதையும் கணக்கிலை காணேல்லை. வீடு முடிஞ்சதும் மிச்சத்தைத் தாறன் எண்டு அப்பவே சொன்னனான். அவர் பில் இல்லாமல் வியாபாரம் செய்யிறது எனக்குத் தெரியும். வரிக் கந்தோருக்கு ஒரு கடிதம் போட்டால் கடையைப் பூட்ட வேண்டி வரும். என்ரை மச்சான் பொலிசிலை இருக்கிறார். இனியும் இப்பிடிக் கடிதம் வந்தால் நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை.’

இந்த வரைவை மோசமானது என்று ஒதுக்கிவிடக் கூடாது. முதலாளியின் கணக்கைக் குறைக்கும் இரண்டு செய்திகள் இதற்குள் இருக்கின்றன. கோபத்துக்குள் புதைந்து கிடப்பதுதான் சிக்கல். மிரட்டலாக வந்த வசனத்துக்குள்ளும் பெரும்பாலும் ஒரு செய்தியோ நியாயமான கேள்வியோ இருக்கும். திருத்துபவர் அதை வெளியே எடுத்து, திகதி கட்டி, மிரட்டலைக் கழற்றிவிட வேண்டும்.

உறையும் திகதித் தாளும்

வரைவில் பேனை வைக்குமுன் நோட்டீசையும் அது வந்த உறையையும் கேட்டு வாங்க வேண்டும். உறையைக் கிழித்து எறிந்துவிட்டு வருபவர்கள் பலர். ஒரு நோட்டீசுக்கு மூன்று திகதிகள் உண்டு: கடிதத்தில் எழுதியது, தபால் முத்திரையில் உள்ளது, கையில் கிடைத்தது. இந்த உதாரணத்தில் கடிதம் 2025 மார்ச் 3 என்கிறது. முத்திரை மார்ச் 6 என்கிறது. தபால்காரரிடம் கையொப்பமிட்டு வாங்கியது மார்ச் 10, திங்கட்கிழமை. நோட்டீஸ் ‘கடிதத்தின் திகதியிலிருந்து’ 14 நாட்கள் தருவதால் தவணை மார்ச் 17 அன்று முடிகிறது. ‘கிடைத்த திகதியிலிருந்து’ என்றிருந்தால் மார்ச் 24 வரை போகும். தவணையில் ஒரு வாரம் வழியிலேயே கழிந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. கடிதம் கையில் கிடைத்த நாளைப் பதிலின் முதல் வரியில் எழுதினால் போதும். இடையில் மார்ச் 13 போயா நாள், தபாற் கந்தோர் பூட்டு. எனவே பதிலை 14ஆம் திகதி வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் சேர்ப்பது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

அடுத்து ஒரு வெற்றுத் தாளை எடுத்து, நடந்தவற்றைக் கால வரிசையில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரியிலும் திகதி, நடந்தது, அதற்கு என்ன சான்று என்ற மூன்றும் வர வேண்டும். சான்று இல்லாத இடத்தில் ‘ஞாபகம்’ என்று எழுதலாம். இந்தத் தாள் யாருக்கும் அனுப்பப்படுவதில்லை, திருத்துபவரின் பாதுகாப்புக்கானது. யாழ்ப்பாணத்தவர் பெரும்பாலும் திகதியால் நினைவு வைத்திருப்பதில்லை. பொங்கல், சித்திரை வருசம், கோயில் கொடியேற்றம், வெங்காயம் கிண்டின நேரம் என்றுதான் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் கடிதத்தில் அப்படியே போகக் கூடாது.

தோட்டக்காரர் ‘பொங்கல் கழிஞ்ச கையோடை’ என்றது 2025 ஜனவரி 14க்குப் பிந்திய நாள். வங்கிக்குப் போய்க் கணக்குக் கூற்றை எடுத்தால் அது ஜனவரி 16, வியாழக்கிழமை, 75,000 ரூபா, முதலாளியின் கணக்குக்கு மாற்றம் என்று நிற்கிறது. இப்போது அது மறுக்க முடியாத வரி. சீமெந்துக் கதை வேறுவிதமானது. ‘தீபாவளிக்கு முதல்நாள்’ என்று வரைவு அடித்துச் சொல்கிறது. 2024இல் தீபாவளி ஒக்ரோபர் 31. ஆனால் வீட்டு வேலை செய்த மேசன் கொப்பியில் குறித்தபடி, அந்த இருபது பையும் அடங்கிய நூறு பைச் சீமெந்து இறக்கப்பட்டது நவம்பர் 5. இறக்குமுன்னே திருப்பி எடுக்க முடியாது. மேசனின் தொலைபேசியில் கட்டிப்பட்ட பைகளை லாண்ட்மாஸ்டரில் ஏற்றும் படம் இருக்கிறது. அதன் திகதி நவம்பர் 9. தோட்டக்காரர் பொய் சொல்லவில்லை, தீபாவளிக்கு முன்னும் பின்னும் அவர் மனதில் கலந்துவிட்டன. வரைவு அப்படியே போயிருந்தால் எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி இந்த ஒரு வரியைப் பிடித்து, உண்மையாக நடந்த திருப்பி எடுத்தலையே கட்டுக்கதை ஆக்கியிருப்பார். பிழையான திகதி, திகதியே இல்லாததைவிடக் கூடிய கேடு செய்யும். சரியான நாள் தெரியாவிட்டால் ‘2024 நவம்பர் முதல் பாதியில்’ என்று தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதலாம். ‘சுமார்’ என்ற சொல்லை வெட்கப்படாமல் பாவிக்கலாம்.

திகதியை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். 03.04.2025 என்பதைச் சிலர் ஏப்ரல் 3 என்றும் வேறு சிலர் மார்ச் 4 என்றும் படிப்பர். மாதத்தைப் பெயரால் எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை. ‘சென்ற மாதம்’, ‘இரண்டு கிழமைக்கு முன்’ என்பவை எழுதிய அன்றைக்கு மட்டுமே பொருள் தருபவை. இரண்டு வருடம் கழித்து நீதிமன்றக் கோவையில் கிடக்கும்போது அவற்றால் பயனில்லை.

பழைய விடயங்களில் இது இன்னும் பெரிய சிக்கலாகும். வலிகாமத்தில் ‘இடம்பெயர்வு’ என்றால் 1995 ஒக்ரோபர் 30 இரவு தென்மராட்சியை நோக்கிச் சனம் வெளிக்கிட்டதையே பெரும்பாலானோர் கருதுவர். ஆனால் பலாலிப் பக்கத்தில் காணி உள்ளவர் அதற்கு முன்பே எழும்பியிருப்பார். அவருடைய ‘இடம்பெயர்வு’ வேறு வருடம். ‘பாதை திறந்த பிறகு’ என்பதும் அப்படித்தான். ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஒகஸ்டில் பூட்டப்பட்டது, போர் முடிந்த பின் மீண்டும் திறந்தது. எந்தத் திறப்பு என்று கேட்காமல் எழுதினால் ஏழெட்டு வருடம் இடறும். காணி ஆட்சியில் பத்து வருடம் என்பது உரிமையையே மாற்றும் அளவு என்பதால், அத்தகைய தகராறில் இந்தச் சொற்கள் வரைவில் தென்பட்டவுடனேயே திருத்துபவர் பேனையை வைத்துவிட்டு ஆளைச் சட்டத்தரணியிடம் அனுப்ப வேண்டும். போர்க்காலத்தில் தம் காணியை மீட்க நீதிமன்றத்தை நாட முடியாதவர்களுக்காக 2016இல் தனியான சட்டமும் இயற்றப்பட்டது. அதன் நுணுக்கம் ஊர்த் திருத்துபவரின் வேலையல்ல.

பந்திக்குப் பந்தி

வரைவு மனதில் வந்த ஒழுங்கில் எழுதப்பட்டிருக்கும். பதில் நோட்டீசின் ஒழுங்கில் இருக்க வேண்டும். நோட்டீசின் பந்தி இலக்கத்தைச் சொல்லி, அதை ஏற்கிறதா, மறுக்கிறதா, ஆவணம் பார்த்த பின்தான் சொல்லலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை எழுத வேண்டும். இப்படிச் செய்யும்போதுதான் வரைவில் சொல்லாமல் விட்டது தெரியவரும். தோட்டக்காரர் வட்டியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கேட்டால், ‘வட்டியைப் பற்றி ஆரும் கதைக்கவே இல்லையே, அதுக்கு என்ன பதில் எழுதுறது?’ என்கிறார். கதைக்கவே இல்லை என்பதுதான் எழுத வேண்டிய பதில். 385,000 ரூபாவுக்கு மாதம் 2 வீதம் என்றால் மாதம் 7,700 ரூபா. வழக்கு ஒன்றிரண்டு வருடம் இழுத்தால் அது சிறு தொகையல்ல. ‘ஒத்துக்கொண்டபடி’ என்ற ஒரு சொல்லை மறுக்காமல் விடுவதற்கு அதுதான் விலை.

மறுக்கும்போது மறுக்கும் அளவைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ‘முதலாளி சொல்லுறது பச்சைப் பொய்’ என்றால் எல்லாவற்றையும் மறுத்ததாகிறது. உண்மையில் தோட்டக்காரர் பொருள் எடுத்ததை மறுக்கவில்லை. முதலாளி பெற்றதாகச் சொல்லும் 255,000 ரூபாவையும் மறுக்கவில்லை. அந்தப் பணம் ஒகஸ்ட் 14இல் 100,000, செப்டம்பர் 30இல் 155,000 என இரண்டு தரம் காசாகக் கொடுக்கப்பட்டது. அதற்குத் துண்டு இல்லாவிட்டாலும், நோட்டீசே ஒத்துக்கொண்டுவிட்டதால் நிரூபிக்கத் தேவையில்லை. தகராறு மூன்று விடயங்களில் மட்டும்தான்: ஜனவரி 16 பணம் 75,000, திருப்பி எடுத்த 20 பை சீமெந்து, பை 2,100 ரூபாப்படி 42,000, வட்டி. ‘பொய்’ என்ற சொல் எதிரியின் மனதைப் பற்றியது, அதை எவரும் நிரூபிக்க முடியாது. ‘கணக்கில் கழிக்கப்படவில்லை’ என்பது தாளைப் பற்றியது. வங்கிக் கூற்று ஒன்றே அதை நிறுவும். முதலாளி மறந்திருக்கவும் கூடும். கடையில் கணக்கு எழுதும் பெடியன் விட்டிருக்கவும் கூடும்.

‘வீட்டிலை எல்லாரும் பதறிப் போனம்’, ‘முப்பது வருசமாய் மரியாதையாய் இருக்கிறன்’ என்பவை வெட்டப்பட வேண்டியவை. இங்கேதான் எழுதியவருடன் இழுபறி வரும். அந்த வரிகளில்தான் அவருடைய மனம் இருக்கிறது. திருத்துபவர் அவற்றைப் பிழை என்று சொல்லத் தேவையில்லை. கடிதத்தைப் படிக்கப் போகிறவர் யார் என்று கேட்டால் போதும். வரைவு முதலாளிக்கு எழுதப்பட்டது. கடிதத்தைப் படிப்பவரோ முன்பின் தெரியாத ஒரு சட்டத்தரணி. அவருக்குப் பின் மத்தியஸ்த சபையில் மூன்று பேர், அதற்குப் பின் ஒருவேளை ஒரு நீதிபதி. அவர்களில் எவருக்கும் முப்பது வருடக் கதை தெரியாது. அத்துடன் ‘ஒருத்தரிட்டையும் கடன் வைச்சதில்லை’ என்பது நாலு வரி தள்ளி வரும் ‘மிச்சத்தைத் தாறன்’ என்பதோடு முட்டுகிறது. மரியாதையைக் காக்க எழுதிய வரியே எழுதியவரின் மற்ற வரிகளை நம்ப முடியாததாக்குகிறது.

மிரட்டல்கள்

வரைவில் மூன்று மிரட்டல்கள் இருக்கின்றன. வரிக் கந்தோருக்கு எழுதுவது வெளிப்படையானது. பொலிசில் இருக்கும் மச்சான் மறைமுகமானது. ‘நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை’ என்பது எழுதியவருக்கே மிரட்டலாகத் தெரிவதில்லை, பேச்சு வழக்கில் அது கோபத்தை முடித்துவைக்கும் சொற்றொடர். கடிதத்தில் வரும்போது அதுதான் மூன்றிலும் கெட்டது. என்ன நடக்கும் என்று சொல்லாததால் வாசிப்பவர் மிக மோசமானதை நினைத்துக்கொள்ளலாம். ஒருவரின் உடலுக்கோ நற்பெயருக்கோ சொத்துக்கோ தீங்கு செய்வதாக அச்சுறுத்தி, அவர் சட்டப்படி செய்யக்கூடியதைச் செய்யாமல் தடுக்க முயல்வது தண்டனைச் சட்டக் கோவையின் 483ஆம் பிரிவில் குற்றமுறைப் பயமுறுத்தல் என வரையறுக்கப்பட்டிருக்கிறது. வழக்குப் போடுவது முதலாளியின் உரிமை. அதைப் போடாமல் தடுக்க வரிக் கந்தோரையும் கடைப் பூட்டையும் காட்டுவது அந்த வரையறைக்குள் இழுக்கப்படலாம். பணத் தகராறில் பதில் எழுதப் போனவர் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டியவராகிவிடுவார்.

மிரட்டலை வெறுமனே வெட்டிவிட்டால் எழுதியவர் ‘என்ரை கடிதத்திலை ஒண்டும் மிச்சமில்லை’ என்பார். ஒவ்வொன்றுக்குள்ளும் இருப்பதைத் தோண்டிப் பார்க்க வேண்டும். ‘பில் இல்லாமல் வியாபாரம்’ என்ற வரியைத் தோண்டினால், தோட்டக்காரருக்குப் பொருள் எடுத்தபோது பில் தரப்படவில்லை என்ற செய்தி வருகிறது. அது மிகப் பெறுமதியானது. ஏனென்றால் 640,000 என்ற தொகை எதனால் ஆனது என்பதை நிறுவ வேண்டியவர் முதலாளி. ஆகவே கடிதத்தில் ‘திகதி, பொருள், அளவு, விலை அடங்கிய கணக்கு விபரத்தை அனுப்புக’ என்ற கோரிக்கை வருகிறது. வரிக் கந்தோர் மிரட்டலைவிட அது முதலாளியைக் கூடுதலாக வேலை வாங்கும். பொலிஸ் மச்சானுக்குள் எதுவும் இல்லை. அவர் முழுதாகப் போக வேண்டியவர். கடைசி வரிக்குள் இருப்பது, கடை ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்து சத்தம் போட்டுவிடுவார்களோ என்ற பயம். அதை ‘இவ்விடயம் தொடர்பான தொடர்புகளை எழுத்து மூலம் மேற்கொள்ளுமாறு கேட்கிறேன்’ என்று எழுதலாம்.

திருத்தி முடிந்ததும் ஒரு சோதனை செய்யலாம். ‘இல்லாவிட்டால்’, ‘வேண்டி வரும்’, ‘பார்த்துக்கொள்ளுங்கள்’, ‘தெரியும்தானே’ ஆகிய சொற்கள் எங்காவது நிற்கின்றனவா என்று தேட வேண்டும். நின்றால் அந்த வசனத்தில் மிரட்டல் இன்னும் ஒட்டியிருக்கிறது.

‘மிச்சத்தைத் தாறன்’

வரைவிலேயே ஆபத்தான வரி சாந்தமான ஒன்று: ‘வீடு முடிஞ்சதும் மிச்சத்தைத் தாறன் எண்டு அப்பவே சொன்னனான்.’ 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, விற்றுக் கொடுத்த பொருளுக்கும் கடைக் கணக்குக்குமான வழக்கு, கடன் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போடப்பட வேண்டும். சட்டத்தரணிகள் ‘பிறிஸ்கிறிப்சன்’ என்பது இதைத்தான். ஆனால் கடன்காரர் கையொப்பமிட்டு எழுத்தில் கடனை ஏற்றால் அந்தக் காலம் மீண்டும் புதிதாக ஓடத் தொடங்கும். பகுதிப் பணம் செலுத்தினாலும் அப்படித்தான். ஆகவே ஜனவரி 16 பணத்தைச் சொல்வது கடனைக் குறைக்கிறது, அதேவேளை கடன் இருந்ததையும் காட்டுகிறது. இந்த உதாரணத்தில் வருடம் இன்னும் கழியாததால் சொல்வதில் நட்டமில்லை; நாலைந்து வருடப் பழைய கணக்கானால், சட்டத்தரணியைக் கேளாமல் ‘பகுதி கட்டினேன்’ என்றுகூட எழுதக் கூடாது.

தோட்டக்காரருக்கோ பணத்தைக் கொடுக்கவே விருப்பம். கழித்துப் பார்த்தால் 640,000இலிருந்து 330,000உம் 42,000உம் போக 268,000 ரூபா நிற்கிறது. ‘ஒரு சதமும் தரத் தேவையில்லை’ என்று திருத்துபவர் எழுதிக் கொடுத்தால் அது பொய். அதற்கு வழி இரண்டு கடிதங்கள். முதலாவது வெளிப்படையான பதில்: கேட்கும் தொகையை ஏற்கவில்லை, காரணம் இவை, கணக்கை அனுப்புக. இரண்டாவது தனித் தாளில், ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி, சமரச நோக்கில் மாத்திரம்’ என்ற தலைப்போடு, 268,000 ரூபாவை ஏப்ரல் இறுதியில் 68,000 ஆகவும் பின் ஐந்து மாதம் 40,000 ஆகவும் தரும் யோசனை. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சான்றாகக் கொண்டுவருவதில்லை என்ற வெளிப்படையான நிபந்தனையோடு குடியியல் விடயத்தில் செய்யப்படும் ஒப்புதலுக்குப் பாதுகாப்பளிக்கிறது. தலைப்பு மட்டும் மந்திரமல்ல. உள்ளே உண்மையான சமரச யோசனை இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் எந்தப் பகுதிக்குப் பாதுகாப்பு என்ற சண்டை வரும்.

வெளிப்படையான கடிதம் திருத்திய பின் இப்படி அமையும்:

‘2025 மார்ச் 14. பதிவுத் தபால் மூலம்.

ஐயா,

தங்கள் 2025 மார்ச் 3 திகதிய கடிதம் 2025 மார்ச் 10ஆம் திகதி எனக்குக் கிடைத்தது.

பந்தி 1 தொடர்பில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

பந்தி 2: குறித்த காலத்தில் தங்கள் கட்சிக்காரரிடமிருந்து பொருட்கள் பெற்றேன். அவற்றுக்குப் பில் எதுவும் எனக்குத் தரப்படவில்லை. ஆகவே 640,000 ரூபா என்ற தொகையைச் சரிபார்க்க இயலவில்லை. ஒவ்வொரு விநியோகத்தினதும் திகதி, பொருள், அளவு, விலை அடங்கிய கணக்கு விபரத்தை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பந்தி 3: மீதி 385,000 ரூபா என்பதை மறுக்கிறேன். 2025 ஜனவரி 16ஆம் திகதி தங்கள் கட்சிக்காரரின் வங்கிக் கணக்குக்கு நான் மாற்றிய 75,000 ரூபா அதில் கழிக்கப்படவில்லை. வங்கிக் கூற்றின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. மேலும் 2024 நவம்பர் 5ஆம் திகதி இறக்கிய சீமெந்தில் கட்டிப்பட்டிருந்த 20 பைகளைத் தங்கள் கட்சிக்காரரின் ஆட்கள் 2024 நவம்பர் 9ஆம் திகதி திருப்பி எடுத்துச் சென்றனர். அவற்றின் விலையும் கழிக்கப்படவில்லை. அன்று எடுத்த படத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

பந்தி 4: வட்டி தொடர்பாக எழுத்திலோ வாய்மொழியிலோ எவ்வித உடன்பாடும் எங்களுக்கிடையே ஏற்படவில்லை. அக்கோரிக்கையை மறுக்கிறேன்.

பந்தி 5: மேற்கூறிய கணக்கு விபரம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதிலளிப்பேன். இவ்விடயம் தொடர்பான தொடர்புகளை எழுத்து மூலம் மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தில் வெளிப்படையாக ஏற்கப்படாத எதுவும் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படலாகாது.’

கடிதம் சட்டத்தரணிக்கே எழுதப்படுகிறது. முதலாளி ‘தங்கள் கட்சிக்காரர்’ ஆகிறார். இந்தச் சிறு மாற்றமே தொனியில் பாதியைத் தணித்துவிடும். இணைப்பவை பிரதிகளாக இருக்க வேண்டும், மூலங்கள் வீட்டில் நிற்க வேண்டும். படத்தைத் தொலைபேசியிலிருந்து அழிக்கவோ வேறு தொலைபேசிக்கு அனுப்பிவிட்டு மூலத்தை விடவோ கூடாது. கையொப்பமிடுமுன் கடிதத்தை எழுதியவருக்கு உரத்து வாசித்துக் காட்டி, ஒவ்வொரு திகதியிலும் ‘இது சரிதானே?’ என்று கேட்க வேண்டும். கையொப்பம் அவருடையது, நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு நிற்கப்போகிறவரும் அவரே. திருத்துபவர் அழகுக்காகச் சேர்த்த ஒரு சொல்லை அவரால் விளக்க முடியாவிட்டால் அந்தச் சொல் போக வேண்டும்.

பதிவுத் தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் பின்புறத்தில் ஒட்டி, பழைய உறையையும் திகதித் தாளையும் அதோடு சேர்த்து வைக்க வேண்டும். தவணைக்குள் பதில் அனுப்பியதற்கு அதுதான் சான்று.

அதன்பின் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். கணக்கு விபரம் வந்தால் திகதித் தாளோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். மத்தியஸ்த சபையிலிருந்து அழைப்பு வந்தால் கட்டாயம் போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இந்த அளவுத் தொகைக்கான தகராறு முதலில் அங்கே போய், இணக்கம் எட்டப்படவில்லை என்ற சான்றிதழ் பெற்ற பின்பே நீதிமன்றத்துக்கு வரலாம். அங்கே தோட்டக்காரருக்கு வேண்டியது அந்த ஒரு பக்கக் கடிதமும் வங்கிக் கூற்றும்தான். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் கடிதப் போக்குவரத்து முடிந்துவிட்டது. அழைப்பாணையில் குறித்த திகதிக்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் முழுக் கோவையையும் கொடுக்க வேண்டும். அந்த நாள் தவறினால், எதிராளி தோற்றாத நிலையில் ஒருதலையாகத் தீர்ப்பு வழங்கப்படலாம்.